லென்ஸக்காவும் எண்ணெய்ப் படலமும்

ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு லென்ஸக்கா என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. வைத்த காரணம் எல்லோருக்கும் தெரியும். மைக்ராஸ்கோப்பின் லென்ஸைத் துடைக்காமல் ஒருவர் எழுந்து போய்விட்டால் அன்றைக்கு அவர் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. சளிப் பரிசோதனைக்குக் கண்ணாடிச் சில்லின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் லென்ஸில் ஒட்டிய எண்ணெயை அதற்கென்று இருக்கிற மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் காய்ந்து படலமாகிவிடும். பிறகு பார்ப்பதெல்லாம் புகைமூட்டம்தான். இதைச் சொல்லும்போது அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு என்று நானும் சொல்வேன். நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகக் கிடக்கும் காசநோய்க் கிருமியைத் தேடுவது சாதாரண வேலை இல்லை. சிலருடைய சளியில் கொத்துக் கொத்தாக இருக்கும். அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். சிலரிடம் சில்லு முழுக்கத் தேடினாலும் அங்கொன்று இங்கொன்றுதான் அகப்படும். அந்த ஒன்றிரண்டை விடாமல் பிடிக்கிறவள் லென்ஸக்கா. அதுவும் ஒற்றைக் கண்ணால். இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். பேருக்குத்தான் இருந்தது. வலது கண்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அந்த வலது கண்ணில் புரை வந்தபோது அவள் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து கட்டைப் பிரித்த அன்று, கணவரின் சட்டையைப் பார்த்து, "இது வெள்ளைச் சட்டையா? இத்தனை நாளும் மஞ்சள்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள். அவர் சிரித்தார். அவள் அழுதாள். வேலைக்குத் திரும்பிய பிறகு, புதுக் கண் கிடைத்த தெம்பில், எல்லோரையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக விரட்டினாள்.

சில மாதம் கழித்துப் படலம் வந்தது.

எண்ணெய்தான் என்று அவள் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. லென்ஸில் எண்ணெய் காய்ந்தால் எப்படித் தெரியுமோ அப்படியேதான் தெரிந்தது. சிவப்பு வெளுத்து, நீலம் சாம்பலாகி, விளக்கின் வெளிச்சம் பால் மாதிரி எங்கும் பரவியது. துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பக்கத்து மைக்ராஸ்கோப்புக்கு மாறி உட்கார்ந்தாள். அங்கேயும் அதே புகை. அப்படியென்றால் அந்த மேசையில் உட்காருகிறவள்தான் இரண்டையும் கெடுக்கிறாள் என்று முடிவு கட்டினாள்.

அந்த மேசைக்காரி, மூன்று வருஷமாக வேலை பார்த்தும் 'புதுசு' என்ற பெயரிலிருந்து தப்பிக்க முடியாதவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதிகம் பேசமாட்டாள்.

"நான் தினமும் துடைச்சிட்டுத்தான் போறேன் அக்கா," என்றாள் புதுசு.

"அப்ப எண்ணெய் தானா நடந்து வந்து ஏறிக்குதா?"

"எனக்குத் தெளிவாத்தான் தெரியுது."

"உனக்குத் தெரியும். உனக்கு எது தெளிவுன்னு எனக்குத் தெரியும்."

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லென்ஸக்கா அத்தோடு விடவில்லை. பொறுப்பு டாக்டரிடம் போய், லென்ஸைப் பாழாக்குகிறவளை மைக்ராஸ்கோப் பக்கம் வைக்கக் கூடாது என்றாள். இத்தனை வருஷ அனுபவசாலி சொல்வதை அவர் ஏன் மறுக்கப் போகிறார்? புதுசை, நோயாளிகளிடம் சளி, ரத்த மாதிரி வாங்கும் ஜன்னலுக்கு மாற்றினார். அன்றிலிருந்து சளிச் சில்லுகள் எல்லாவற்றையும் லென்ஸக்கா ஒருத்தியே பார்த்தாள். அறையில் இருந்த நல்ல கண்ணை அவளே வெளியே அனுப்பிவிட்டாள்.

புதுசு போன பிறகும் புகை போகவில்லை. பழைய எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கும் என்று கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் லென்ஸ்களைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, திரும்ப மாட்டினார்.

"மேடம், இதுல ஒண்ணுமே இல்ல. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற லேபை நான் பார்த்ததில்ல."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். லென்ஸக்காவுக்கு அது பாராட்டாகப் படவில்லை. அவர் போனதும், வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே தான் சொல்லிக்கொடுக்கும் சோதனையைச் செய்து பார்த்தாள். கண் வைக்கும் குழாயைத் திருகினாள். அழுக்கு அதில் இருந்தால் கூடவே சுற்றும். சுற்றவில்லை. சில்லை நகர்த்தினாள். அழுக்கு சில்லில் இருந்தால் கூடவே நகரும். நகரவில்லை. அடியில் இருக்கும் லென்ஸை மாற்றினாள். புகை அசையாமல் அங்கேயே நின்றது. இனி மிச்சம் இருப்பது ஒரே ஒரு லென்ஸ். அது புரையை எடுத்துவிட்டு அவள் கண்ணுக்குள் வைத்த லென்ஸ். கோபத்தில் இந்தச் சோதனையை அவள் இத்தனை நாள் செய்யவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கு போட்டபோது கையால் கண்ணை மறைத்தாள். கணவர் கவனித்தார்.

"ரொம்ப நாளா இப்படித்தான் பண்றே. கேட்டா நீ எரிஞ்சு விழுவேன்னு சும்மா இருந்தேன்," என்றார்.

"புரை திரும்ப வந்துடுச்சுங்க. ஆபரேஷன் வீணாப் போச்சு. எனக்கு இருக்கிறது ஒரு கண்ணு."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். கண்ணுக்காக மட்டும் அழுதாள் என்று நினைக்க வேண்டாம். இத்தனை வாரம் தான் 'கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுத்தவர்களின் முகமெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

கண் டாக்டர் நிதானமான பெண்மணி. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பா விரிந்ததும், வெளிச்சக் கீற்றை உள்ளே செலுத்திப் பார்த்தார்.

"புரை திரும்ப வராதும்மா. அதை எடுத்தாச்சு. ஆனா லென்ஸை வைக்கிறதுக்கு, இயற்கையா இருக்கிற மெல்லிய உறையை அப்படியே விட்டுவைப்போம். ஒரு பை மாதிரி. அதுக்குள்ளதான் உங்க லென்ஸ் உட்கார்ந்திருக்கு. அந்தப் பையில ஒட்டியிருந்த சில செல்கள் மெதுவா வளர்ந்து, பின்பக்கச் சுவர் தடிச்சுப் போச்சு. நிறைய பேருக்கு வரும். உங்க லென்ஸ் சுத்தமாத்தான் இருக்கு."

"அதைத் துடைக்க முடியுமா?" என்று லென்ஸக்கா கேட்டாள். வேறு எப்படிக் கேட்பாள்?

டாக்டர் லேசாகச் சிரித்தார். "துடைக்க மாட்டோம். லேசரால நடுவுல ஒரு ஜன்னல் திறந்துவிடுவோம். வெட்டு இல்ல, தையல் இல்ல. சில நிமிஷ வேலை. பொதுவா ஒரு தடவை செஞ்சாப் போதும்."

"மறுபடி ஒரு மாசம் லீவு போடணுமா?"

"வேண்டாம். பாப்பா விரிஞ்சிருக்கிறதால இன்னிக்கு மட்டும் மங்கலா இருக்கும். கொஞ்ச நாள் கண் முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி தெரியலாம். அது அடங்கிடும். ஆனா பூச்சி திடீர்னு அதிகமானாலோ, மின்னல் அடிச்சாலோ, ஒரு பக்கம் திரை இறங்கின மாதிரி இருந்தாலோ, அந்த நிமிஷமே வரணும். விழித்திரை பிரியறது அபூர்வம்தான். ஆனா உங்களுக்கு இருக்கிறது ஒரு கண்ணு, அதனால அழுத்திச் சொல்றேன்."

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்காரச் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் குனிந்து ஒரு கருவிக்குள் பார்த்தவளை இப்போது ஒரு கருவி பார்த்தது. கண் அசையாமலிருக்க ஒரு சின்னக் கண்ணாடியை விழியின் மேல் பொருத்தினார் டாக்டர். சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. பிறகு டிக், டிக் என்று சத்தம். வலி இல்லை. தான் அசைந்துவிடுவோமோ என்ற பயத்தில் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். கை வலித்ததுதான் மிச்சம். முடித்து, சற்று நேரம் உட்காரவைத்து, கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்து, சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கம்பியில் காய்ந்த துணியின் தையல்வரை தெரிந்தது. இரண்டு மூன்று கரும்புள்ளிகள் மிதந்தன. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. இவ்வளவு தெளிவு இது என்றால், இத்தனை நாள் பார்த்தது எவ்வளவு மங்கல்?

வேலைக்குப் போனதும் நேராக மாதிரி வாங்கும் ஜன்னலுக்குப் போனாள். ஆட்கள் நின்றிருந்தார்கள். காத்திருந்து தனியாகப் பேசியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. திட்டியதும் எல்லோர் முன்னாலும்தானே.

"எண்ணெய் இல்லடி. என் கண்ணுல படலம். நீ துடைச்சது சரிதான். நான் உன்னைச் சொன்னதெல்லாம் தப்பு. பொறுப்பு டாக்டர்கிட்டயும் இப்பவே போய்ச் சொல்லப்போறேன்."

புதுசு கையுறையைக் கழற்றினாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "என்னைத் திட்டினதை அப்புறம் பேசிக்கலாம் அக்கா. நான் போன பிறகு நீங்க பார்த்த சில்லெல்லாம் பெட்டியிலதானே இருக்கு?"

மறுபரிசோதனைக்காகப் பழைய சில்லுகளை வைத்திருப்பது வழக்கம். இருவரும் எடுத்தார்கள். புதுசு போன பிறகு பார்த்தவை, அதற்கு முன்னால் புகை தெரிய ஆரம்பித்த நாள்வரைக்கும் உள்ளவை என எல்லாவற்றையும் இருவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்லவில்லை. வேலை நாள் கணக்கில் இழுத்தது. பெரும்பாலும் சரியாகவே இருந்தன. கொத்துக் கொத்தாக இருந்தவற்றைப் புகையிலும் பிடித்திருந்தாள். ஒரே ஒரு சில்லில், புதுசு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். லென்ஸக்கா ஏற்கெனவே அதைப் பார்த்துவிட்டு, சொல்ல முடியாமல் காத்திருந்தாள். அங்கொன்று இங்கொன்றாக, சிவப்புக் குச்சிகள்.

அது சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவருடையது. போன் போட்டால் போதும் என்றார் பொறுப்பு டாக்டர். லென்ஸக்கா நேரில் போனாள்.

ஒற்றை அறை வீடு. ஜன்னல் சாத்தியிருந்தது. பெயிண்டர் ரொம்ப மெலிந்திருந்தார். மடியில் பெண் குழந்தை அவர் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. முகக்கவசம் கொடுத்தாள், கட்டிக்கொள்ளச் சொன்னாள், ஜன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு மழுப்பாமல் சொன்னாள்.

"உங்க சளியில கிருமி இருந்துச்சு. நான் இல்லைன்னு எழுதிட்டேன். என் கண்ணுல கோளாறு, எனக்கே தெரியல. என் தப்புதான். மருந்து இருக்கு, இலவசம், முழுசாக் குணமாகும். இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

அவர் இருமினார்.

"கிருமி இல்லைன்னதும் பெயிண்ட் வாசனைதான் ஒத்துக்கலன்னு சொன்னாங்க. அதனாலதான் வேலையை விட்டேன்," என்றார். "வீட்டுல சும்மாதானே இருக்கேன்னு, பாப்பாவை நான்தான் பார்த்துக்கிறேன். என் நெஞ்சு மேலதான் தூங்கும்."

லென்ஸக்கா குழந்தையைப் பார்த்தாள். "பாப்பாவையும் அவங்க அம்மாவையும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. குழந்தைக்கு டாக்டர் பார்ப்பாங்க. அம்மாவோட சளியை நாங்க பார்ப்போம்," என்றாள்.

"நீங்களேதான் பார்ப்பீங்களா?"

கேள்வியில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நானும் பார்ப்பேன். எனக்கப்புறம் இன்னொருத்தி பார்ப்பா. இனிமே எதையும் நான் ஒருத்தியா பார்க்கிறதில்ல."

அவர் தலையாட்டினார். குழந்தையின் விரல்களைப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதைத் தூக்கி, வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த மனைவியிடம் கொடுத்துவிட்டு, அறையின் மறுமூலைக்குப் போய் நின்றுகொண்டார். குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. அவர் வரவில்லை.