மே பன்னிரண்டு, மேல்வீடு காலி

தாராவியில் நானும் என் கணவரும் மகளும் குடியிருப்பது மாடி அறை. கீழே வீட்டுக்கார அக்கா தனியாக இருக்கிறார். அவர் கணவர் இறந்து வெகுநாளாயிற்று. மகள்கள் இருவரும் கல்யாணமாகித் தாணே பக்கம் போய்விட்டார்கள். எங்கள் அறைக்கு ஏறிப்போக வெளிப்பக்கம் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. தலைக்கு மேலே தகரக் கூரை. அதை இங்கே எல்லோரும் பத்ரா என்றுதான் சொல்வோம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு ஏணியடிக்கு வந்தபோது, சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம், அக்காவின் கையெழுத்து. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகளைத் தேதி போட்டு எழுதியிருந்தார். மே மூன்று, கீழ்வீட்டு ஸ்விட்ச் போர்டு, மீட்டர் பெட்டி. மே பன்னிரண்டு, பதின்மூன்று, மேல் பத்ரா, மேல் வயரிங், மேல்வீடு காலி. மே இருபது, சாக்கடைக் கட்டர். மே இருபத்தெட்டு, தார்ப்பாய்.

நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். மற்ற வருஷங்களில் கூரை ஒழுகுகிறது என்று நாங்கள்தான் நாலு தடவை போய்ச் சொல்வோம். ஒரு தார்ப்பாயை மேலே விரித்துக் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் கேட்காமலே முழு பத்ராவையும் மாற்றுகிறார். அதுவும் ‘காலி’ என்ற வார்த்தையோடு.

இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் டெம்போ ஓட்டுகிறவர், நாலு இடம் போய் வருகிறவர். சோற்றில் கை வைத்தபடியே யோசித்தார்.

“சர்வேக்காரங்க பக்கத்து லேன் வரைக்கும் வந்துட்டாவ, தெரியும்லா?” என்றார்.

தெரியும். தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சில் லேன் லேனாக ஆட்கள் வந்து வீட்டுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாடியில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பூட்டிக் கிடந்த வீட்டை இல்லை என்று எழுதிவிட்டார்களாம், சாமான் இல்லாத அறையைக் குடோன் என்று எழுதிவிட்டார்களாம். இதில் எது நிஜம் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் பண்ண அது போதும்.

“ரெண்டு நாளுதானே போட்டிருக்காவ” என்றேன்.

“ரெண்டு நாளுன்னு போவோம். திரும்பி வரச்செ ஏணியில பூட்டு தொங்கும். யாருகிட்ட போயி கேப்ப?”

மறுநாள் காலை நானே கீழே இறங்கிப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“யக்கா, காலின்னு போட்டிருக்கியளே, என்னத்துக்கு?”

“பத்ராவ பிரிச்சா மேல தூசியும் துருவும் கொட்டும்மா. புள்ளைய வச்சிக்கிட்டு எப்படி இருப்ப? கல்யாண்ல ஒன் அக்கா வீடு இருக்குல்லா, ரெண்டு நாளு போயிட்டு வா.”

“வயரிங்குக்கும் காலி பண்ணணுமா?”

அக்கா கீரைக்கட்டைப் புரட்டிப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அதெல்லாம் சேத்துத்தான். ஆள் இல்லாம இருந்தா வேலை சுளுவா முடியும்.”

அந்தப் பதில்தான் எனக்கு உறைத்தது. தூசிக்காக என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். மகளை மட்டும் கல்யாணில் என் அக்கா வீட்டுக்கு அனுப்புவது, நான் அறையை விட்டு இறங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி காலையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். பத்ரா போடுகிறவர்கள் இருவர், வயர்மேன் ஒருவர். வயர்மேன் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், சயானில் கடை வைத்திருப்பவர். நான் கட்டிலையும் துணி மூட்டையையும் ஒரு மூலைக்குத் தள்ளி, என் தையல் மெஷினைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிற வேலை எனக்கு. அன்றைக்கு மடியில் ஜிப்புகளை வைத்துக் கையால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பாதி ஏணி ஏறி வந்து தலையை நீட்டினார்.

“நீ இன்னும் போகலியா?”

“போகல யக்கா. மெஷின விட்டுட்டுப் போக முடியாது.”

“மெஷின கீழ என் வீட்டுல வச்சிக்கோயேன்.”

“இல்ல யக்கா. இருக்கட்டும்.”

அவர் என்னையும் மெஷினையும் சுவரோரமாக ஓடிய வயரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். வயரை அவர் பார்த்த பார்வையை நான் கவனித்தேன்.

மெயினை அணைத்துவிட்டு ஆட்கள் பழைய தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். துருப்பிடித்த போல்ட்டுகளை வெட்டும் சத்தம் காதைக் கிழித்தது. ஒவ்வொரு தகடு போனபோதும் அறைக்குள் ஒரு பட்டை வெயில் விழுந்தது. பத்து மணி வாக்கில் கூரையே இல்லை. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பெண், நடு அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட, அந்த நேரம் பார்த்து யாராவது என் ஸ்டூலை எடுத்துவிடுவார்களோ என்று தோன்றியது. வெயிலில் மண்டை காய்ந்தால் இப்படியும் தோன்றும்.

அக்கா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வாசலில் வைத்தார். நான் கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. பிறகு தாகம் தாங்காமல் குடித்தேன்.

மத்தியானம் வயர்மேன் மேலே வந்தார். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை ஒட்டி எங்கள் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போகும் வயரை விரலால் தடவிக்கொண்டே நகர்ந்தார். அக்காவும் கூடவே ஏறி வந்து வாசலில் நின்றார். ஏணி முடிகிற இடத்துக்கு மேலே வயர்மேன் நின்றுவிட்டார்.

“யக்கா, நீங்க சொன்ன கொக்கி எதுவும் இங்க இல்ல. இங்கன பாருங்க.”

கொக்கி என்ற சொல் என் காதில் விழுந்தது. திருட்டுத்தனமாக லைன் இழுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

“யாரு கொக்கி போட்டா?”

வயர்மேன்தான் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். மழை மாதங்களில் ஃபேன் குறைவாகத்தான் ஓடும், ஆனால் அக்காவுக்குக் கரண்டு பில் அப்போதுதான் கூடி வந்திருக்கிறது. மேல் அறைக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர். போன மழையில் ஏணிக் கம்பியைப் பிடித்தபோது அக்காவுக்குச் சுர்ரென்று இழுத்திருக்கிறது. நாங்கள் மீட்டருக்குப் பின்னால் வேறு லைன் இழுத்திருக்கிறோம், யாருக்காவது விற்கிறோம் என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வயரைச் சோதிக்கச் சொன்னதும் அதனால்தான்.

“ஷாக் அடிச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே யக்கா. எம் புள்ள அந்த ஏணியிலதானே ஏறி இறங்குது?”

“சொன்னா உஷாராகி வயர அவுத்துருவியன்னு நெனச்சேன்” என்றார் அக்கா. நேராகவே சொன்னார்.

வயர்மேன் காட்டிய இடத்தில், பழைய தகட்டின் விளிம்பு உரசி உரசி வயரின் மேல்தோல் நகத்தளவு கிழிந்திருந்தது. செம்பு தெரிந்தது. இரும்புச் சட்டத்தைத் தொடாமல் மயிரிழை தள்ளி நின்றது. அந்தச் சட்டத்தோடுதான் ஏணியும் வெல்டிங் செய்யப்பட்டிருந்தது.

“காஞ்சு கெடக்கச்செ ஒண்ணும் பண்ணாது. பாருங்க” என்றவர், எங்கள் இருவரையும் விலகி நிற்கச் சொன்னார். கீழே ஆளை விட்டு மெயினைப் போடச் செய்து, சட்டத்தில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. டெஸ்டரை எடுத்துவிட்டு, தள்ளி நின்று மக்கில் இருந்த தண்ணீரை அந்த இடத்தில் வீசினார். மறுபடி வைத்தபோது டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. உடனே மெயினை அணைக்கச் சொன்னார்.

“நனைஞ்சா இரும்பெல்லாம் லைவு. கரண்டு இப்படியே சுவத்துல எறங்கி மண்ணுக்குப் போவுது. பில்லும் அதுலதான் ஏறியிருக்கு.”

எத்தனை மழையில் மகள் ஈரச் செருப்போடு அந்தக் கம்பியைப் பிடித்து ஏறியிருப்பாள். ரப்பர் செருப்பு காப்பாற்றியிருக்கிறது, வேறென்ன.

அக்கா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நானும் சர்வே விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது தெரியாமல் இல்லை. “ரூம புடுங்கிருவேன்னு நெனச்சுத்தான் வெயில்ல காஞ்சியாக்கும்?” என்றார்.

“ஆமா” என்றேன்.

அன்று சாயங்காலமே பழைய வயரை முழுக்க எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் குழாய்க்குள் புது வயர் ஓட்டினார்கள். கரண்டு கசிந்தால் தானாக விழுந்துவிடும் பிரேக்கர் ஒன்றை மீட்டர் பெட்டி பக்கத்தில் வைத்தார்கள். இரும்புக்கெல்லாம் எர்த் கொடுத்தார்கள். மறுநாள் புது பத்ரா ஏறியது. தாழ்ந்த பக்கமிருந்து தொடங்கி, மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஏறும்படி போட்டார்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர் போடுகிறார்களா என்று நான் கீழிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையாட்களைச் சந்தேகப்படுவதில் மட்டும் எங்களுக்குள் வித்தியாசமில்லை.

கட்டர் வேலைதான் தேதிப்படி நடக்கவில்லை. இருபதாம் தேதி வர வேண்டிய ஆட்கள் அந்த வாரக் கடைசியில் வந்தார்கள். மூடியைத் திறந்து சேற்றை வாரி ஓரமாகக் குவித்துவிட்டு, காய்ந்த பிறகு வண்டி வந்து அள்ளும் என்று சொல்லிப் போனார்கள். வண்டி வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் அவர்கள் பக்கத்துக் குவியலையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டதாக அக்கா சொன்னார். காலையில் குவியல் பெரிதாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு சாக்கு எடுத்து நானும் அக்காவும் முடிந்தவரை அள்ளி மெயின் ரோட்டில் கொண்டுபோய் வைத்தோம். மீதி அங்கேயே கிடந்தது. ஜூன் மாதத்தின் முதல் பெருமழை அதை அப்படியே கட்டருக்குள் திருப்பித் தள்ளியது.

அன்று மதியத்துக்குள் லேனில் முழங்கால் தண்ணீர். எங்கள் கூரையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. கீழே பிரேக்கர் விழுந்து லைட் போனது. அக்கா குனிந்து குனிந்து சாமான்களை ஏணிக்குக் கொண்டுவந்தார். நான் மேலிருந்து வாங்கி வைத்தேன். மிக்ஸி, பாய், துணி, கடைசியில் ஓர் அரிசி டிரம்.

மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், கூரையையும் வயர்க் குழாயையும் நிமிர்ந்து பார்த்தார். குழாய் போகும் வழியெல்லாம் அவர் கண் போனது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். மழையைப் பற்றியும் தாணேயில் மகள்கள் வீட்டுப் பக்கம் தண்ணீர் வந்திருக்குமா என்பதைப் பற்றியும் பேசினோம். இருட்டுகிற நேரம் தண்ணீர் வடிந்தது. தரையைக் கழுவ வேண்டும் என்று எழுந்தார்.

“டிரம்மு இங்கனயே இருக்கட்டும்மா. மழை முடியட்டும், எடுத்துக்கிடுதேன்.”

“இருக்கட்டும் யக்கா.”

அவர் இறங்கிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். டிரம்மை என் அறையில் வைத்துவிட்டு, நாளைக்குச் சர்வேக்காரர்களிடம், ‘மேலே ஆள் குடியில்லை, அது என் சாமான் வைக்கிற அறைதான்’ என்று அக்கா சொல்லிவிட்டால்? உள்ளே வேறேதும் வைத்திருக்கிறாரா என்று டிரம்மின் மூடியைத் திறந்து முழங்கைவரை கையை விட்டுத் துழாவினேன்.

அரிசிதான். மூடிவிட்டு, கட்டிலுக்கு அடியில் ஈரம் படாத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்தேன்.