அறைக் கட்டணத்தில் இரண்டு பேர்

முஸ்பிறாவுக்கு நாற்பத்தொரு வயது. கல்முனையில் பெண்களுக்குச் சுயதொழிற்கடன் கொடுக்கும் நிறுவனமொன்றில் பதினொரு வருடமாகக் கள உத்தியோகத்தர். சம்மாந்துறை, மாவடிப்பள்ளி என்று வெயிலில் அலைந்து கறுத்த முகம். இணைப்பாளர் பதவி காலியாகப் போகிறது, கொழும்புப் பயிற்சிக்குப் போகும் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் அது என்று கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒன்று அவள். மற்றது சியாம், சேர்ந்து மூன்று வருடம்.

தனியே அவ்வளவு தூரம் போவதற்கு அவளுக்கும் மனம் ஒப்பவில்லை, மாமி சல்மா உம்மாவும் விடவில்லை. கணவன் பர்ஹான் அறுவடை மெசினோடு வரிப்பத்தான்சேனையில் கிடந்தான். ஆகவே தம்பி றிஸ்மி தன் போன் திருத்தும் கடையை மூன்று நாள் பூட்டிவிட்டுக் கூட வந்தான். அவன் செலவு முழுக்க அவளுடையது.

தங்குமிடத்தில் ஓர் இரவுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு, இருவர் அறை. எட்டாயிரம் வரைக்கும் கந்தோர் தரும் என்று அறிந்த அங்குள்ளவன், ஒருவர் பெயரில் எட்டாயிரத்துக்கே பில் எழுதித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாமென்று சொல்லி, உள்ளபடியே பில்லை வாங்கினாள். ஒருவர் தங்கினால் ஏழாயிரம்தான் என்று அவன் கையாலேயே ஒரு கடிதமும் எழுதி வாங்கினாள்.

திரும்பி வந்த நாலாம் நாள் பயணச் செலவுக் கிளெய்மைக் கணினியில் அடித்து முடித்தாள். மேலே பயண அனுமதி இலக்கம். கீழே திகதி வாரியாகச் செலவும் பில் இலக்கமும் பயணக் கொள்கையின் பிரிவும். பஸ் ஐயாயிரத்து நானூறு. தங்குமிடம் இரண்டு இரவுக்குப் பதினாலாயிரம். ஓட்டோ இரண்டாயிரத்து இருநூறு. அதில் பில் இல்லாத அறுநூறு ரூபாவுக்கு, ஏறிய இடமும் இறங்கிய இடமும் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம். சாப்பாட்டுப் படி ஏழாயிரத்து ஐந்நூறு. பயிற்சியில் பகல் சாப்பாடு தந்தபடியால் இரண்டு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு கழிவு. ஆக மொத்தம் இருபத்தேழாயிரத்து முந்நூறு. முற்பணம் இருபதாயிரம் போக, வரவேண்டியது ஏழாயிரத்து முந்நூறு. கடைசியில் ஒரு குறிப்பு: கூட வந்தவர் என் தம்பி, அவரது செலவு எதுவும் கோரப்படவில்லை, சொந்தச் செலவில் துணை வருவதைக் கொள்கை அனுமதிக்கிறது.

அன்று பின்னேரம் சியாம் ஒரு பொலித்தீன் பையோடு வந்தான். அக்கா முறை வைத்து அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

“தாத்தா, எனக்கும் இப்பிடி ஒண்டு அடிச்சித் தாங்களன். எனக்கு இந்தக் கணக்குத் தலைக்க ஏறுதில்ல.”

கசங்கிய பில்களை நீவி எடுத்தாள். தங்குமிடம் இரண்டு இரவு, எட்டாயிரம் எட்டாயிரம், உச்சவரம்புக்குச் சரியாக. பயிற்சி நாட்களில் அவன் கொழும்பு வெள்ளவத்தையில் மாமா வீட்டில் நிற்பதாக ஒருமுறை சொன்னது நினைவு வந்தது. பில்லை இரண்டு தரம் பார்த்தாள். அப்படியே அடித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முகாமையாளர் முனாப் இரண்டு கிளெய்மையும் கையில் வைத்துக்கொண்டு, சியாமின் கடதாசியை எல்லோருக்கும் காட்டினார். எவ்வளவு துப்புரவு பாருங்க, பொறுப்புக்கு வாற ஆள் இப்படித்தான் இருக்க வேணும் என்றார். சியாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளுடையதைப் புரட்டினார்.

“றூமுல ரெண்டு பேராம். நாங்க அனுப்பின ஒராளத்தானே.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சியாமும் சிரித்தான்.

“அவன் என்ட தம்பி சேர். அவன்ட செலவு ஒண்டும் கேக்கல்ல. அதில எழுதியிரிக்கன்.”

“பார்த்தன். முழுக்கப் பாஸ் பண்ணியாச்சி.”

“அப்ப என்ன பிழ சேர்?”

“ஒரு பிழையும் இல்ல புள்ள. அதுதான் நீங்களே வடிவா எழுதித் தந்திரிக்கீங்களே, ஒராள் போறதுக்கு ரெண்டு பேர் வேணுமெண்டு. இணைப்பாளர் மாசம் ரெண்டு தரம் கொழும்புக்குப் போகணும். ஒவ்வொரு முறையும் தம்பி கடையப் பூட்டுவாரா? ஒங்கள அனுப்புறது எங்களுக்குப் பாரம்.”

சியாமின் தங்குமிடச் செலவு தன்னுடையதைவிட இரண்டாயிரம் கூட என்பது அவளுக்குத் தெரியும். கூட்டிப் போட்டதே அவள்தான். அதைச் சொன்னால், தெரிந்துகொண்டே அந்தப் பில்லை ஏன் சேர்த்தாய் என்ற கேள்வி வரும்.

ஏழாயிரத்து முந்நூறு மறுநாளே வங்கிக்கு வந்தது, ஒரு சதம் குறையாமல். அதற்கு அடுத்த வாரம் சியாமின் நியமனம். வீட்டில் சொன்னபோது சல்மா உம்மா, அல்ஹம்துலில்லாஹ், இனி அலைச்சல் இல்லை என்றார். பர்ஹான் போனில், இரவைக்கு எடுக்கிறேன் என்றான். பின்னால் மெசின் இரையும் சத்தம் கேட்டது.

இணைப்பாளராகச் சியாம் போட்ட முதல் சுற்றறிக்கை, இனிமேல் எல்லோருடைய பயணக் கிளெய்மும் ஒரே மாதிரி வரவேண்டும் என்பது. மாதிரியாக ஒட்டியிருந்தது அவள் அடித்துக் கொடுத்த அவனுடைய கடதாசிதான்.

“எல்லாருக்கும் நீங்களே செஞ்சி குடுங்க தாத்தா,” என்றான், இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே. “ஒங்களவிட இது ஆருக்குத் தெரியும்?”

“ஓம் சேர்,” என்றாள் முஸ்பிறா. அவள் அவனை சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.