ஏகமனதான அரை நிமிடம்

தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். அதனால் எங்கள் சங்கத்தில் யாருக்கு எந்த வீடியோ வேலை வந்தாலும் என் தலையில்தான் விழும். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்.பி.எம். என்கிற பள்ளியிறுதிப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கிற பிள்ளைகளுக்கு சனிக்கிழமை தோறும் ஆன்லைனில் வகுப்பு நடத்துகிறோம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் கிடைக்காத பிள்ளைகள்தான் எங்களிடம் வருவார்கள்.

ஒருநாள் பெற்றோர்களையும் சேர்த்து இணையத்தில் கூட்டம் போட்டோம். அதை ரெக்கார்ட் செய்தவர் சங்கத் தலைவர். மறுநாள் காலையிலேயே ஃபோன் வந்துவிட்டது.

"தம்பி, ஒண்ணே முக்கால் மணி நேரம் ஓடுது. பத்து நிமிஷமா சுருக்கிக் குடுங்க. வாட்ஸ்அப் குரூப்ல போடணும். கிளீனா இருக்கணும்லா."

கிளீன் என்றால் என்ன என்பதை மற்றவர்கள் வரிசையாக விளக்கினார்கள். பொருளாளர் அக்காவுக்கு அவர் வீட்டுக் குக்கர் விசில் வரக்கூடாது. ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி ஒருவருக்கு அவர் பேச்சு முழுசாக வர வேண்டும். அது மட்டுமே பதினெட்டு நிமிடம். செயலாளர் தன் பனியனை மறைக்க முடியுமா என்று கேட்டார். தலைவர் கடைசியாக, ஆரம்பத்தில் கொஞ்சம் நாதஸ்வரம் போட்டால் நன்றாயிருக்கும் என்றார். கூட்டத்துக்கா கல்யாணத்துக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை, எரிச்சல்தான். முதலில் முழுவதையும் ஒருதரம் ஓட்டிப் பார்த்து, முடிவுகள் எங்கெங்கே எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். "கேக்குதா? கேக்குதா?" எல்லாம் போகும். ஒரே விஷயத்தை நாலு பேர் சொன்னால், தெளிவாகச் சொன்னவர் மட்டும் தங்குவார். சத்தம் இல்லாத இடங்களை மென்பொருளே தேடிக் குறித்துக் கொடுக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனையும் காணாமல் போய்விடும். நான் அப்படி அழுத்துவதில்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு முந்தி ஒரு நொடி எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் பாருங்கள், அதை ஒருமுறை அந்தப் பொத்தான் தின்றுவிட்டது. பெண்ணின் அப்பா என்னைத் தின்றுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மௌனத்தையும் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன்.

கூட்டத்தின் முக்கிய முடிவு இதுதான்: ஆன்லைன் வகுப்பை நிறுத்திவிட்டு, ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபத்தில் நேரில் நடத்துவது. அதிகாரி பதினெட்டு நிமிடம் பேசியது அதன் நன்மைகளைப் பற்றித்தான். அவர் முடிக்கும் நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது. தலைவர் கடுப்பாகி எல்லாருடைய மைக்கையும் ஒரே அடியாக அணைத்தார். அணைத்த கையோடு, "மறுப்பு யாருக்காவது உண்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்து டீ குடித்தார். யாரும் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? அரை நிமிடம் கழித்து, "அப்ப ஏகமனதா முடிவு" என்றார்.

மென்பொருள் அந்த அரை நிமிடத்தையும் வெட்டு என்று குறித்திருந்தது. நானும் வெட்டத்தான் போனேன். நல்ல வேளை, தலைவர் எல்லா முகங்களும் கட்டம் கட்டமாகத் தெரிகிற மாதிரி ரெக்கார்ட் செய்திருந்தார். பேசுகிறவர் முகம் மட்டும் பெரிதாக வருகிற மாதிரி வைத்திருந்தால், தலைவர் டீ குடிப்பதைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்க மாட்டேன்.

கீழ் வரிசையில் ஒரு கட்டம். காருக்குள் ஒரு பெண், தொழிற்சாலைச் சீருடையில். கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் இருந்து வகுப்பில் சேரும் ஒரு மாணவியின் அம்மா. அங்கே பத்து காவான் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. அவர் பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி, விரலை மடக்கி, ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்து, பேசிக்கொண்டே இருந்தார். தலைவர் "ஏகமனதா" என்றதும் வாயை மூடிக்கொண்டார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், கேமராவை அணைத்துவிட்டு மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு.

அவருக்கு ஃபோன் செய்தேன். மைக் அணைந்திருந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"அப்ப யாருக்கும் கேக்கலையா அண்ணே? நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் பேசாம இருக்கீங்கன்னு நினைச்சேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே முடிவுன்னுட்டாரு."

"என்ன சொன்னீங்கக்கா?"

"சனிக்கிழமை எனக்கு ஷிப்டு. கடல் பாலம் தாண்டித் தீவுக்கு மகளை யாரு கொண்டாந்து விடுவா? வகுப்ப நிறுத்திட்டா அவ இந்தப் பாடத்தையே விடணும். அவ்வளவுதான் சொன்னேன். இப்ப வீட்டுல அவ என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறா. ஏகமனதான்னா நீயும்தானேம்மா சம்மதிச்சேங்குறா. பேசினேன்னு சொன்னா நம்பல."

தலைவரிடம் சொன்னேன். மனிதர் பதறுவார் என்று நினைத்தேன்.

"பாவம்தான். ஆனா ஒண்ணுமே கேக்காத இடத்த யாராவது வீடியோல வைப்பாங்களா தம்பி? ஆளுங்க ஃபோன் கெட்டுப் போச்சுன்னு நினைப்பாங்க. வெட்டிடுங்க."

எனக்குக் கோபம் வந்தால் வேலை சுத்தமாக நடக்கும். குக்கரை வெட்டினேன், பனியனை மறைத்தேன், பதினெட்டு நிமிடத்தை ஒன்றரை ஆக்கினேன், நாதஸ்வரமும் போட்டேன். அந்த அரை நிமிடத்தை மட்டும் தொடவில்லை. அவர் குரலைப் புதிதாகப் பதிந்து ஒட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. அது பித்தலாட்டம் ஆகிவிடும். அதனால் அவர் கட்டத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கீழே ஒரு வரி எழுத்து மட்டும்: 'இவருடைய மைக் அணைக்கப்பட்டிருந்தது.' நானே குரூப்பில் போட்டுவிட்டேன்.

தலைவர் சொன்னது அப்படியே பலித்தது. முதலில் நாலைந்து பேர் சத்தம் வரவில்லை என்று எழுதினார்கள். அதிகாரி தன் பேச்சு எங்கே என்று கேட்டார். ஒருவர் நாதஸ்வரத்துக்குக் கைகூப்பினார். அப்புறம் அதே அக்கரைப் பக்கம் தாசேக் கெலுகோரில் இருந்து ஒரு அப்பா எழுதினார்: "நானும் மறுப்பு சொல்லப் பாத்தேன். அன்னைக்கு என் மைக்கும் அணைஞ்சுதான் இருந்துச்சு." அதற்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். ஏகமனது சாயங்காலத்துக்குள் பல மனதாகிவிட்டது.

அடுத்த வாரம் மறுபடி கூட்டம். தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாருடைய மைக்கையும் திறந்து விட்டார். நாய் குரைத்தது, குக்கரும் தன் பங்குக்குக் கூவியது. அந்த அக்கா பேசினார். மண்டபத்தில் வகுப்பு நடக்கட்டும், அங்கேயே ஒரு மடிக்கணினியை வைத்துத் தூரத்துப் பிள்ளைகள் ஆன்லைனில் சேரட்டும் என்று முடிவானது. இது தன் யோசனை என்று தலைவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும்.

கூட்டம் முடிந்ததும் அந்த அக்கா கூப்பிட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"அண்ணே, அந்த வீடியோவை மக பார்த்தா. சத்தமே இல்ல. ஆனா என் வாயைப் பார்த்தே ஒரு வார்த்தையைக் கண்டுபிடிச்சிட்டா."

"எந்த வார்த்தை?"

"அவ பேருதான். அந்த அரை நிமிஷத்துல ஆறு தடவை சொல்லியிருக்கேனாம்."