கையெழுத்துக்கு முந்தைய பக்கம்

கோட்டுச்சேரியில் அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ஒப்பந்தக் கெடுவுக்குள் கிரயம் முடியாவிட்டால் முன்பணம் போச்சு. கடன் வரவேண்டியது காரைக்காலில் ஒரு வங்கிக் கிளையிலிருந்து. அன்றிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். கடன் பிரிவில் இருந்த பெண் அதிகாரியின் புன்னகைமேல்கூடச் சந்தேகம்.

"ப்ராசஸிங் ஃபீ கிடையாது சார், ஆஃபர்" என்றார் அந்தப் பெண். வக்கீலுக்கும், வீட்டை மதிப்பிட வந்த பொறியாளருக்கும் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்பது அவரவர் பில் வந்தபோதுதான் தெரிந்தது. கேட்டால், "அது வேற சார்."

வங்கியின் வக்கீல், பிரெஞ்சுக்காரர் காலத்து மூலப்பத்திரத்தைத் திருப்பி அனுப்பினார். பிரெஞ்சில் இருக்கிறது, தமிழில் பெயர்த்து வாருங்கள் என்று. இழுத்தடிக்கத்தான் இது என்று நான் பொருமினேன். "வக்கீலு படிக்காம கையெழுத்துப் போட்டாதாங்க நீங்க பயப்படணும்" என்றாள் மனைவி. அதில் நியாயம் வக்கீல் பக்கம்தான். ஆனாலும் இரண்டு வாரம் போயிற்று.

கடைசியில் கையெழுத்து நாள். எங்கெங்கே போடவேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள். என் விரல் புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தாவியது. மனைவி மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தி, வட்டியும் கட்டணங்களும் அடங்கிய பக்கத்துக்குத் திரும்பினாள். கடன்தொகை நாங்கள் கேட்டதைவிடக் கூடியிருந்தது.

"இது என்னம்மா?"

"இன்சூரன்ஸ் மேடம். சாருக்கு எதாச்சும் ஆச்சுன்னா உங்களுக்குப் பாதுகாப்பு."

"அவருக்கு ஏற்கெனவே இருக்கு. இது கட்டாயமா?"

"எல்லாரும் போடுறாங்க மேடம்."

"கட்டாயம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா, இப்பவே போடுறோம்."

அந்தப் பெண் மேலாளர் அறைக்குள் போனார். கண்ணாடிக்குப் பின்னால் வாய்கள் அசைந்தன. நான் மனைவியிடம், "கெடு இருக்குடி, போட்டுத் தொலைச்சிடலாம்" என்றேன்.

"அதுக்கும் இருவது வருசம் வட்டி கட்டணும். தெரியுமுல்ல?"

வெளியே வந்தவர் சிரிக்கவில்லை. "எடுத்துடலாம். புது சாங்ஷன் லெட்டர் வரணும், நாலு நாள் ஆகும்" என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. மாதம் இத்தனை இன்சூரன்ஸ் பிடிக்க வேண்டும் என்று அவருக்கும் மேலிடம் ஒரு கணக்கு வைத்திருக்கும். அதையும் அவர் சொல்லப் போவதில்லை.

நாலு நாள் ஆறாயிற்று. கெடுவின் கடைசி நாள் காலையில் பதிவு அலுவலகத்தில் வங்கியின் டிமாண்ட் டிராஃப்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்தோம். பெரியவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இது பணமாயிடுமுல்ல தம்பி?"

"பேங்க் டிராஃப்ட்டுங்க, ஆயிடும்."

"பேங்க்குங்கிறதாலதான் கேக்குறேன்" என்றவர், மகனுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார்.