நாற்பது டெசிபல் மேலே

அக்காவுக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஒன்றுதான் அரியர். அதைத் தாண்டினால் டிகிரி. ஆனால் மூளையில் கட்டி வந்து வலது கை பென்சில் பிடிக்காமல் போனது. அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம், அவளைவிடக் குறைவாகப் படித்த ஆளாக இருக்க வேண்டும் என்று காலேஜில் சொன்னார்கள். பத்தாவதோடு நின்று, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடும் நான் இருந்தேன்.

வீட்டில் 'போடே பிளாட்' என்ற வரைபடம் போட்டுப் பழகினோம். அதற்கென்று இருக்கும் தாளில் கோடுகள் சமமாக இருக்காது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அகலம், ஒன்பதுக்கும் பத்துக்கும் நெருக்கம்.

"என்னலே, ரெண்ட கொண்டுபோய் மூணுல வைக்கே? கடலமிட்டாயா, சமமா வெட்டுததுக்கு?" என்று சிரிப்பாள்.

பரீட்சை ஹாலில் மேற்பார்வை டீச்சர் என்னிடம், "அவங்க சொல்றத மட்டும் எழுதணும் தம்பி. நீயா ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார்.

கணக்கு இதுதான்: மேலே ஆயிரம், அதைப் பெருக்க எஸ் கூட்டல் இரண்டு. கீழே எஸ், எஸ் கூட்டல் பத்து, எஸ் கூட்டல் இருபது.

கோடு திரும்பும் கார்னர்களை அக்கா சரியாகச் சொன்னாள். இரண்டில் கோட்டை மேலே தூக்கும் 'ஜீரோ', பத்திலும் இருபதிலும் கீழே இழுக்கும் 'போல்'கள். பிறகு கோடு தொடங்கும் உயரத்துக்கு, "ஒண்ணுல அறுபது டெசிபல் வை" என்றாள்.

என் பென்சில் நின்றது. வீட்டில் எப்போதும் முதலில் எஸ்ஸோடு நிற்கும் இரண்டையும் பத்தையும் இருபதையும் வெளியே எடுப்போம். ஆயிரத்தை இரண்டால் பெருக்கி, பத்தும் இருபதும் பெருக்கிய இருநூறால் வகுத்தால் மிஞ்சுவது பத்து. பத்துக்கு இருபது டெசிபல்தான். அவள் ஆயிரத்தை அப்படியே வைத்துக்கொண்டாள்; அதற்குத்தான் அறுபது.

"வைலே," என்றாள்.

வைத்தேன். ஒன்றிலிருந்து டிகேடுக்கு, அதாவது ஒவ்வொரு பத்து மடங்குக்கும், இருபது டெசிபல் சரிவு. இரண்டில் ஜீரோ சரிவை நிறுத்த, பத்து வரை தரைபோல மட்டம். பத்தில் மறுபடி இருபது, இருபதில் நாற்பது என்று சரிவு கூடியது. கோட்டின் உருவம் அச்சு அசலாகச் சரி. மொத்தமும் நாற்பது டெசிபல் மேலே தொங்கியது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டாள். "நீ எதுக்குலே பென்சில நிப்பாட்டுன?"

சொன்னேன். ஜன்னல் வழியே கரிசக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ நிக்கயில ஏதோ தப்புன்னு தெரிஞ்சிட்டு. கார்னர மூணு தடவ பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. உசரத்தப் பாக்கவே இல்ல பாரு."

"நான் இருமியாவது இருக்கலாம்க்கா."

"இருமுனா அது ஓம் பரீட்சையால்லா ஆயிரும்? கடலமிட்டாய்க்காரனுக்கா டிகிரி தருவான்?" இடது கையால் என் தலையில் தட்டினாள். "அடுத்த தடவ ஒழுங்கா கீழ இருந்து தொடங்குவோம்."

பாஸாகவில்லை. மறுபடி பணம் கட்டினோம். பரீட்சை வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

டீச்சர் சொன்னது நியாயம்தான். அக்கா சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் மிட்டாய்ப் பலகையில் உருளை ஓட்டும்போதெல்லாம் அந்தக் கோட்டை மனசுக்குள் கீழே இறக்குகிறேன். ஒன்றில் இருபது. இரண்டில் பதினாலு. பத்து வரை மட்டம். அங்கே வந்ததும் அடுத்து என்னவென்று அவள் சொல்லட்டும் என்று கை நின்றுவிடுகிறது.