அப்பா நன்றாக இருந்த படம்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பெரிய படம் வேண்டும் என்று அண்ணன் சிங்கப்பூரிலிருந்து சொன்னார். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோ ஒன்றில் படங்களைத் திருத்துவது என் வேலை. அதனால் இதுவும் என்னிடமே வந்தது.

கடைசியாக எடுத்த படம், கிள்ளான் வீட்டு ஜன்னலோரம் அப்பா உட்கார்ந்திருப்பது. அம்மா போனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான், அப்பா நோயில் கிடந்தபோது அண்ணன் வராமல் இருந்தார்.

"அப்பா ரொம்ப மெலிஞ்சிட்டாருண்ணே, ஒரு தடவ வந்துட்டுப் போங்க" என்று நான் கெஞ்சினேன்.

"படத்துல நல்லாத்தானே இருக்காரு. நீ சும்மா பயப்படாத லா."

கணினியில் படத்தைத் திறந்ததுமே புரிந்தது. போனில் எச்.டி.ஆர். என்ற வசதி ஓடியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வெயில், உள்ளே இருட்டு. இரண்டும் தெரிய வேண்டுமென்று போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். வெளிச்சத்தை அடக்கி நிழலை வெளுக்க வைத்துவிடும். முகத்துக்கு மேடு பள்ளம் கொடுப்பதே நிழல்தான். கன்னக்குழியும் கண்ணுக்குக் கீழிருந்த பள்ளமும் தூர்ந்துபோய், அப்பா முகம் இட்லி மாதிரி இருந்தது.

நல்லவேளை, நிழல் முழுதாக அழியவில்லை. வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான வித்தியாசம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். மொத்தப் படத்துக்கும் அந்த வித்தியாசத்தை, அதாவது கான்ட்ராஸ்டை, ஏற்றினால் ஜன்னல் வெளுத்துவிடும். அதனால் முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து நிழலை மறுபடி ஆழமாக்கினேன். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ அதன்படியே, மெல்லிய பிரஷ்ஷால் நெற்றியையும் மூக்குத்தண்டையும் கொஞ்சம் வெளுக்க வைத்தேன். கன்ன எலும்புக்குக் கீழும் தாடைக்குக் கீழும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்க வைத்தேன்.

மெல்ல மெல்ல அப்பா வந்தார். நான் தினமும் கஞ்சி ஊட்டிய அதே முகம்.

அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஏன் இவ்ளோ மோசமா பண்ணிட்ட?"

"நான் எதையும் சேர்க்கலண்ணே. போன் மறைச்சத வெளிய எடுத்தேன். அப்பா இப்படித்தான் இருந்தாரு."

"நீ கை வைக்காத பழைய படத்தையே பிரிண்ட் போடு. நாலு பேர் வர்ற இடம். பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அம்மாவிடம் கேட்டேன். "அவன் சொல்றபடியே செஞ்சிரு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பக்கத்து வீட்டு ஆன்டி மாலை போட்ட படத்தின் முன்னால் நின்றார்.

"நோய்க்காரர் மாதிரியே இல்லையே. திடீர்னு போயிட்டாரு போல."

"ஆமா ஆன்டி, யாருமே எதிர்பார்க்கல" என்றார் அண்ணன்.

நான் பாத்திரம் கழுவப் போனேன்.