முப்பத்தெட்டு என்று எழுதியவள்

பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் கலர்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கொடுத்த மாதிரிக்கு ஏற்றபடி நிறம் கலந்து, தகட்டில் பூசி, சரிதானா என்று சொல்வது அவள் வேலை. ஈரத்தில் ஒரு நாளும் தீர்ப்புச் சொல்லமாட்டாள். சுவர்ப்பெயிண்ட் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். மேனேஜர் பின்னால் நின்று அவசரப்படுத்தினாலும், "காயட்டும் சார்" என்பதோடு சரி.

இப்படிப்பட்டவள்தான் வேறொரு கம்பெனியின் விண்ணப்பத்தில் அவசரப்பட்டுவிட்டாள். எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்றது. பதினோரு வருடம் வேலை செய்து வாங்குவது மாதம் முப்பத்துநாலாயிரம். அதோடு நாலைக் கூட்டி முப்பத்தெட்டு என்று தட்டிவிட்டாள். வேலை என்னவென்று அப்போது அவளுக்கு முழுதாகத் தெரியாது. நேர்காணலில்தான் தெரிந்தது. ஆய்வுக்கூடத்துக்கே பொறுப்பு, கீழே மூன்று பேர், மாதத்தில் ஒரு வாரம் இரவுப்பணி.

தேர்வாகிவிட்டாள். மின்னஞ்சலில் வந்த தொகை முப்பத்தெட்டு. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பதில் சொல்ல வெள்ளிக்கிழமைவரை நேரம். செவ்வாயிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"கூடக் கேட்டா, வேற ஆளைப் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டா?"

பஸ் ஓட்டும் கணவன் செருப்பைக் கழற்றியபடி சொன்னான்: "அஞ்சு பேரைப் பார்த்து உன்னைப் பிடிச்சிருக்காங்க. ஒரு கேள்வி கேட்டதுக்கா விரட்டப் போறாங்க? மரியாதையாக் கேளு. கேட்டுட்டு வாயை மூடு. உனக்கு அதுதான் வராது."

"உங்ககிட்டதாங்க வராது. வெளியே நான் ஊமை."

"அதான் முப்பத்துநாலுல நிக்கிறே."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றிரவு ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதினாள். கேட்கப்போவது நாற்பத்தைந்து. நாற்பத்தொன்றுக்குக் கீழே என்றால் இருக்கிற இடமே மேல். அந்த இரண்டாவது எண்ணைக் கணவனிடம் கூடக் காட்டவில்லை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், கேன்கள் அடுக்கிய கிடங்கின் ஓரம் நின்று புதுக் கம்பெனியின் எச்.ஆர். பெண்ணை போனில் கூப்பிட்டாள்.

"மேடம், உங்க வேலையில சேர எனக்கு விருப்பம்தான். ஒரு விஷயம் மட்டும் பேசணும். இந்தத் தொகை பிடித்தம் போறதுக்கு முன்னாடியா?"

"ஆமாம். நீங்க எழுதினதையே கொடுத்திருக்கோமே?"

"எழுதினது நான்தான். அப்போ பொறுப்பு, இரவுப்பணி எல்லாம் எனக்குத் தெரியாது. நேர்காணல்லதான் சொன்னாங்க. அந்த வேலைக்கு நாற்பத்தஞ்சு எதிர்பார்க்கிறேன்."

எதிர்முனையில் சத்தமில்லை. நாற்பத்திரண்டானாலும் பரவாயில்லை என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையிலிருந்த சோதனைத் தகட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்குத் தயக்கம். ஈரத்தில் கை வைக்காத பழக்கம், அவ்வளவுதான்.

"மேலே கேட்டுச் சொல்றேன்," என்றாள் அந்தப் பெண்.

வெள்ளி காலை போனில் பதில் வந்தது. அந்தப் பதவிக்கு உச்ச வரம்பு நாற்பத்துமூன்று, அதைத் தருகிறோம், இரவுப்பணிப் படி தனி, ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை.

"ரொம்ப நன்றி மேடம். அந்த ஆறு மாசத்தையும் கடிதத்துலயே போட்டுருங்க. கடிதம் வந்ததும் இங்கே சொல்லிடுறேன்."

திருத்திய கடிதம் திங்களன்று வந்தது. வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகுதான் மேனேஜர் அறைக்குள் ராஜினாமாவோடு போனாள்.

"என்னம்மா இது, திடுதிப்புன்னு? எவ்வளவு தர்றாங்க?"

சொன்னாள்.

அவர் கால்குலேட்டரைத் தொடக்கூட இல்லை. "நாற்பத்துநாலு நான் போட்டுத் தர்றேன். இதை எடுத்துட்டுப் போ. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே கொடுத்திருப்பேனே!"

மேசைமேல் வைத்த கடிதத்தை அவள் எடுக்கவில்லை. ஆயிரம் கூட வருகிறதே என்ற கணக்கு ஒரு பக்கம் ஓடாமலில்லை. இந்த நாற்பத்துநாலு நேற்று முளைத்ததா? எத்தனை வருடமாக இந்த மேசைக்குள்ளேயே இருந்தது? கேட்காதது அவள் தப்புதான். கேட்கவில்லை என்று தெரிந்தே சும்மா இருந்தது யார் தப்பு?

"சார், அங்கே கையெழுத்துப் போட்டாச்சு," என்றாள். "பெற்றுக்கொண்டேன்னு தேதி போட்டுக் கொடுங்க. இன்னையிலேர்ந்து ஒரு மாசம் நோட்டீஸ்."

அவர் பேனாவைத் தேடினார். பிறகு ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதுவும் சொல்லவில்லை.